குச்சிப்பூச்சியா, இலைப்பூச்சியா: எந்த வேஷம் எங்கே எடுபடும்?

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் கோடை நெருங்கினால் பாதி மரங்கள் மொட்டையாகிவிடும். அந்த மாதங்களில் ஒரு பூச்சி பச்சை இலை போல உட்கார்ந்திருந்தால் பறவையின் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். குச்சி வேஷத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. இலை உதிர்ந்தாலும் குச்சி மிச்சம் இருக்கும். இரண்டு வேஷத்தில் எது சிறந்தது என்று கேட்பவர்கள் முதலில் எந்தக் காட்டில் என்று சொல்லியாக வேண்டும்.

இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவுப் பூச்சிகள். இலைப்பூச்சிகள் அதற்குள் ஒரு குடும்பம், அவ்வளவுதான். நம் நாட்டில் அவை ஈரமான பசுமைக் காடுகளைச் சார்ந்தவை, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரியின் வறண்ட காட்டில் எதிர்பார்த்துத் தேட வேண்டியது குச்சிப்பூச்சியைத்தான். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் குச்சிப்பூச்சியான கராசியஸ் மோரோசஸுக்கும் பூர்வீகம் தமிழ்நாடுதான். கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூரில் கிடைத்து, 1901ல் அறிவியல் பெயர் பெற்றது. நிறம் மாறும் விதத்தை நாம் இவ்வளவு நுணுக்கமாக அறிந்ததற்கு அந்தப் பூச்சியே காரணம்.

உருவம்

குச்சிப்பூச்சியின் நீளம் வயிற்றில் மட்டும் இல்லை. மார்பின் நடுக்கண்டமும் பின்கண்டமும் இழுத்து நீட்டப்பட்டவை. ஓய்வில் இருக்கும்போது முன்கால்கள் இரண்டையும் தலைக்கு முன்னால் நேராக நீட்டி ஒட்டவைத்துக்கொள்ளும். அப்போது தலை எங்கே போகிறது என்று கிட்டத்தில் பார்த்தால் வேலைப்பாடு புரியும். முன்தொடை அடிப்பக்கத்தில் உட்புறமாக வளைந்திருக்கும். இரண்டு கால்களின் வளைவும் சேர்ந்த இடைவெளியில் தலை பொருந்திக்கொள்ளும். கண்ணும் வாயும் அடங்கிப்போவதால் குச்சி எங்கே முடிகிறது, பூச்சி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

இலைப்பூச்சியின் உத்தி வேறு, அதுவும் பெண்ணிடம்தான் முழுமையாக இருக்கிறது. வயிறு தட்டையாக விரிந்திருக்கும். அதன் மேல் தோல் போன்ற முன்சிறகுகள் இரண்டும் நடுவில் சேரும் கோடு இலையின் நடுநரம்பாகிவிடும், சிறகு நரம்புகள் பக்க நரம்புகளாகும். கால்களிலும் தகடு போன்ற விரிவுகள் உண்டு. அவை சின்ன இலைத் துண்டுகளாகத் தெரியும். இந்த வேஷத்துக்குப் பெண் கொடுக்கும் விலை பெரியது: பறக்க முடியாது. ஆண் ஒல்லியாக, நீண்ட உணர்கொம்போடு, பறக்கும் பின்சிறகோடு இருக்கும். பெண்ணைத் தேடிப் போக வேண்டியது அதுதான் என்பதால் அதன் வேஷம் அரைகுறையாகவே நிற்கிறது.

எது எப்போது காட்டிக்கொடுக்கும்? மா மரத்தில் இலைகளும் கிளைகளும் மாறி மாறி முளைக்கும். பூச்சியின் கால்கள் எப்போதும் ஒரே இடத்திலிருந்து ஜோடியாகப் புறப்படும். எனவே ஒரே மட்டத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய ‘கிளை’ தெரிந்தால் நின்று பார்க்கலாம். கொய்யாவிலும் உண்ணிச்செடியிலும் இந்தச் சோதனை உதவாது. அவற்றின் இலைகளே எதிரெதிராகத்தான் முளைக்கும். அங்கே ‘கிளை’ நடுவில் மூட்டு போட்டு மடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இலைப்பூச்சியில் கவனிக்க வேண்டியது காம்பு. உண்மையான இலை ஒரு காம்பில் தொங்கும். பூச்சி பல கால்களால் பிடித்துக்கொண்டிருக்கும்.

நிறம்

கராசியஸின் தோல் செல்களில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சுச் சிவப்பு, பழுப்பு என்று நிறத்துகள்கள் இருக்கின்றன. பச்சையும் மஞ்சளும் இடம் மாறாது. பழுப்புத் துகள்கள் இரவில் செல்லின் மேல்பக்கம் ஏறி வரும், உடல் கறுத்துப்போகும். பகலில் கீழே இறங்கும், உடல் வெளிறும். ஈரப்பதம் கூடினாலும் கறுக்கும். மழையில் நனைந்த பட்டையும் கறுத்துத்தானே தெரிகிறது, அதோடு ஒத்துப்போகிறது. முழுப் பச்சையாக இருக்கும் பூச்சிகளுக்கு இது நடக்காது, ஏறி இறங்கப் பழுப்புத் துகள் அவற்றிடம் இல்லை. மறைக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. முன்காலின் அடியில், உட்புறத்தில் சிவப்புத் திட்டு இருக்கும். கால் நீட்டி ஒட்டியிருக்கும்வரை தெரியாது. தொந்தரவு பட்டுக் காலைத் தூக்கினால் பளிச்சென்று தெரியும்.

இலைப்பூச்சியின் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போது செம்பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். இலை தின்னத் தொடங்கிய பிறகுதான் பச்சையாகும். வளர்ந்த பெண்ணிடம் வெறும் பச்சை மட்டும் இல்லை. ஓரங்களில் காய்ந்தது போலவும் பூச்சி கடித்தது போலவும் பழுப்புத் திட்டுகள் இருக்கும். இந்த அழுக்குதான் வேஷத்தின் உயிர் என்று சொல்வேன். மரத்தில் குறையில்லாத இலை அபூர்வம். நிறப் போட்டியில் நுணுக்கம் இலைப்பூச்சிக்கு, இணக்கம் குச்சிப்பூச்சிக்கு.

ஆட்டம்

அசையாமல் இருப்பதுதான் மறைவு என்று நினைப்பது பாதிதான் சரி. சுற்றியுள்ள இலை, கிளை எல்லாம் காற்றில் ஆடும்போது ஒன்று மட்டும் விறைத்து நின்றால் அதுவே தனித்துத் தெரியும். அதனால் இரண்டு பூச்சிகளும் ஆடுகின்றன. குச்சிப்பூச்சி பாதங்களை ஊன்றிக்கொண்டு உடலை மட்டும் பக்கவாட்டில் அசைக்கும். ஆஸ்திரேலியாவின் முள் குச்சிப்பூச்சியை வைத்து 2016ல் வெளிவந்த ஆய்வு, காற்று பட்டால் அது ஆடுவதையும், அந்த ஆட்டம் செடியின் ஆட்டத்தோடு ஒத்துப்போவதையும் காட்டியது. இலைப்பூச்சி நடக்கும்போதே முன்னும் பின்னுமாக ஊசலாடும். நகர்ந்தாக வேண்டிய நேரத்தில் அதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. நேராக நடந்தால் நடக்கும் இலை ஆகிவிடும், ஊசலாடி நடந்தால் காற்றில் ஆடும் இலையாகத் தெரியும்.

காற்றே இல்லாத இடத்தில் இந்த உத்தி திரும்பி அடிக்கும். அசையாத செடியில் ஒரு குச்சி மட்டும் ஆடினால் அது பூச்சி. தேடுபவருக்கு இதில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. காற்று அடங்கிய வேளையில் சந்தேகமான குச்சியின் மேல் மெதுவாக ஊதிவிட்டுக் காத்திருங்கள். செத்த குச்சி உடனே நின்றுவிடும். பூச்சியாக இருந்தால் ஊதியது நின்ற பிறகும் ஆட்டம் கொஞ்சம் தொடரலாம். ஆடாவிட்டால் பூச்சி இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது, கட்டை போல விறைத்துப்போவதும் அதன் பழக்கம்.

தேட நல்ல நேரம் இருட்டிய பிறகு. மேயவும் நடக்கவும் அப்போதுதான் வெளிப்படும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து அடித்தால் நிழல் விழுந்து உடல் தனியாகத் தெரியும். கும்பிடுபூச்சியிலும் குச்சி போன்ற வகைகள் உண்டு. அவற்றின் முன்கால் முள்ளோடு மடிந்திருக்கும், தலை முக்கோணமாக இருக்கும். குச்சி போல விறைத்து நிற்கும் புழுவுக்கு முன்னாலும் பின்னாலும் மட்டுமே கால் இருக்கும், நடு உடல் வெறுமையாக இருக்கும்.

கண்டுபிடித்தால் பிடித்து இழுக்காதீர்கள். தொடையின் அடியில் கால் கழன்று கையோடு வந்துவிடும். குஞ்சாக இருந்தால் அடுத்தடுத்த தோலுரிப்பில் திரும்ப முளைக்கும், வளர்ந்து முடிந்ததற்கு முளைக்காது. முன்னால் ஒரு குச்சியை நீட்டி, அதுவாக ஏற விடுவதே சரியான முறை.