மேசையில் கூடுதல் தட்டும் அதன் நிழலும்: போட்டோஷாப்பில் ஆறு வருடம்

புதுச்சேரியில் கேட்டரிங்காரர்களுக்கு பிரௌச்சர் செய்து கொடுக்கிறேன். ஆறு பேர் உட்காரும் மேசையின் படத்தைக் கொடுத்து, எட்டுப் பேருக்கு ஆக்கச் சொல்வது எனக்கு அடிக்கடி வரும் வேலை. ஆரம்பத்தில் தட்டை வெட்டி ஒட்டி, லேயர் ஸ்டைலில் இருக்கும் Drop Shadow-வைப் போட்டுவிடுவேன். முத்தியால்பேட்டைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டு தட்டு மட்டும் மிதக்குதுண்ணே" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த வசதி தட்டின் வடிவத்தையே கொஞ்சம் தள்ளி வைத்து நிழலாக்குகிறது. சுவரில் ஒட்டிய காகிதத்துக்கு அது பொருந்தும். படுத்திருக்கும் மேசைக்குப் பொருந்தாது.

அவருடைய படத்தில் வெள்ளை விரிப்பு, இடப்பக்கம் ஜன்னல். முதலில் தட்டையே சரி செய்தேன். முன்வரிசைத் தட்டு 600 பிக்சல் அகலம், 240 உயரம். பின்வரிசையில் இருந்ததோ 420-க்கு 140. தூரம் போகப்போக வட்டம் இன்னும் தட்டையாகத் தெரியும். அதனால் முன்தட்டைச் சும்மா சிறிதாக்கிப் பின்னால் வைத்தால், அது சாய்ந்து நிற்பதுபோல் இருக்கும். உயரத்தைத் தனியாகக் குறைக்க வேண்டும்.

பிறகு நிழலை இரண்டு லேயராகப் போட்டேன். ஒன்று, தட்டின் அடி விரிப்பைத் தொடும் இடத்தில் மெல்லிய கருங்கோடு; Gaussian Blur 3 பிக்சல் போதும். தட்டை மேசையில் உட்கார வைப்பது இந்தக் கோடுதான். இன்னொன்று வலப்பக்கம் நீளும் நிழல். தட்டருகே கூர்மையாகத் தொடங்கி, விலக விலக மங்க வேண்டும். அதற்காக, குறைவாக மங்கியது ஒன்று, அதிகமாக மங்கியது ஒன்று என இரண்டு பிரதி வைத்து மாஸ்க்கில் கலந்தேன். ஜன்னல் பக்கத்திலேயே இருந்ததால் நிழல்கள் விசிறிபோல் விரிந்திருந்தன. இருக்கிற நிழல்களைக் கோடு போட்டுப் பின்னோக்கி நீட்டினால் அவை சேரும் இடம் கிடைக்கும். புதுத் தட்டின் நிழலும் அங்கிருந்துதான் புறப்பட வேண்டும்.

நிறத்துக்குக் கருப்பை எடுக்காதீர்கள். பழைய நிழலில் ஐடிராப்பரை வைத்து எடுத்த நிறத்தை Multiply-யில் பூசினால் வெள்ளை விரிப்பில் அப்படியே பொருந்தும். மஞ்சள் விரிப்பில் அதே வழி அளவுக்கு மீறி இருட்டாக்கும், ஏனென்றால் விரிப்பின் நிறம் இரண்டு முறை சேர்ந்துவிடுகிறது. அங்கே நிறத்தின் அடர்த்தியைக் குறைத்து வெளிர் சாம்பலுக்குக் கொண்டுவர வேண்டும்.

கண்ணாடி டம்ளர்தான் இன்னும் என்னைத் திணறடிக்கிறது. விரிப்பின் முன்னால் எடுத்த டம்ளரைச் சாம்பார்க் கிண்ணத்துக்கு முன்னால் வைத்தால், கண்ணாடிக்குள் வெள்ளை விரிப்பே தெரியும். அதன் நிழலும் முழு இருட்டாக இருக்காது. தண்ணீர் இருந்தால் நடுவில் ஒளிப்பொட்டு ஒன்று விழும். அதை வரைந்து சமாளிக்க நான் முயல்வதில்லை.

இப்போது படம் எடுக்கும் நாளிலேயே நான் போய்விடுகிறேன். கேமரா ட்ரைபாடில் அசையாமல் இருக்க, ஒரு தட்டையும் டம்ளரையும் காலி இடங்களுக்கு ஒவ்வொன்றாக நகர்த்தி, அதே எக்ஸ்போஷரில் தனித்தனிப் படம் எடுக்கச் சொல்கிறேன். லேயர்களை அடுக்கி மாஸ்க் போட்டால் உண்மையான நிழலே வந்துவிடுகிறது. மேகம் வந்து போனால் மட்டும் அந்தப் படத்தை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.