ரிசர்வ் வங்கியின் மூன்று வழிகள்: மதுரைக் கடைக்காரருக்கு எது வந்து சேரும்?

கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி லட்சம் கோடிக் கணக்கில் பணத்தை இறக்கியது. "அண்ணே, அந்தப் பணம் எங்கே போச்சு? நம்ம பக்கம் ஒண்ணும் வரலையே" என்று விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பணம் ஒரே வழியில் இறங்கவில்லை. வட்டிக் குறைப்பு, வங்கிகளுக்கு நீண்டகாலக் கடன், கடன் பத்திரக் கொள்முதல் என்று வழிகள் மூன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளிடம் முதலில் போய்ச் சேர்ந்தது.

வட்டிக் குறைப்பிலிருந்து தொடங்கலாம். ரெப்போ விகிதம் என்பது வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி. 2020 மார்ச் மாதம் 5.15 சதவீதமாக இருந்த அது, மே மாதத்துக்குள் 4 சதவீதம் ஆனது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய சிறு, குறு தொழில் கடன்களின் மாறும் வட்டியை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்பது விதி. ஆகவே அப்படி இணைந்த 10 லட்ச ரூபாய்க் கடன் வைத்திருந்த கடைக்காரருக்கு, 1.15 சதவீதக் குறைப்பால் ஆண்டு வட்டியில் 11,500 ரூபாய் மிச்சம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை, கணக்கில் தானாக இறங்கும். வங்கி தன் சொந்த நிதிச் செலவை வைத்து வட்டி நிர்ணயிக்கும் பழைய எம்சிஎல்ஆர் முறைக் கடனில் இருந்தவர்களுக்கு அது தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. தங்க நகைக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இணைப்பு கிடையாது. டெபாசிட் வட்டியை நம்பி வாழும் பெரியவர்களுக்கோ இது நேரடி நஷ்டம்.

இரண்டாவது வழியைச் சீக்கிரமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதன் முடிவு ஒரே ஏலத்தில் தெரிந்துவிட்டது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி மூன்று ஆண்டுக் கடன் தரும். அதைக் கொண்டு வங்கிகள் நிதி நிறுவனங்களின் பத்திரங்களை வாங்க வேண்டும். அதில் பாதியாவது சிறிய, நடுத்தர நிதி நிறுவனங்களுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கும் போக வேண்டும். கடைசி ஆள் வரை குறிவைத்த திட்டம் இது. 2020 ஏப்ரல் 23 அன்று 25,000 கோடிக்கு ஏலம் விட்டார்கள். வங்கிகள் கேட்டதோ 12,850 கோடிதான். பணம் ரிசர்வ் வங்கியுடையது என்றாலும், நிதி நிறுவனம் திருப்பித் தராவிட்டால் அடி வாங்குவது வங்கி. அந்த பயத்தைக் குறைந்த வட்டி தீர்க்கவில்லை.

மூன்றாவது வழிதான் உலகம் முழுக்கப் பேசப்படும் குவான்டிட்டேட்டிவ் ஈசிங், அதாவது மத்திய வங்கி கடன் பத்திரங்களை வாங்கிப் பணத்தை உள்ளே தள்ளுவது. வட்டியைக் குறைத்துக் குறைத்துத் தரையைத் தொட்ட பிறகு கையில் எடுக்கும் கருவி இது. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் வட்டி 2008 டிசம்பரில் 0 முதல் 0.25 சதவீதம் வரை இறங்கிவிட்டது. அதற்கு மேல் குறைக்க இடமில்லாததால் பத்திரங்களை வாங்கிக் குவித்தது. நெருக்கடிக்கு முன் ஒரு லட்சம் கோடி டாலருக்குக் கீழே இருந்த அதன் சொத்துக் கணக்கு 2014 முடிவில் சுமார் நாலரை லட்சம் கோடி டாலர் ஆனது.

இங்கே அதற்கு மிக அருகில் வந்தது, 2021 ஏப்ரலில் ஆளுநர் சக்திகாந்த தாஸ் அறிவித்த ஜி-சாப் திட்டம். அந்த நிதியாண்டின் முதல் காலாண்டில் 1 லட்சம் கோடி, அடுத்த காலாண்டில் 1.2 லட்சம் கோடிக்கு அரசுப் பத்திரங்களை வாங்குவதாக முன்கூட்டியே வாக்குக் கொடுத்தார்கள். நம் ரெப்போ 4 சதவீதத்தில் நின்றது, பூஜ்யத்தைத் தொடவில்லை. ஆகவே அமெரிக்காவில் நடந்ததன் சரிநகல் என்று இதைச் சொல்ல மாட்டேன். வேலை செய்யும் விதம் மட்டும் ஒன்றுதான்.

அந்த விதத்தைப் பார்ப்போம். நம் வங்கிகள் டெபாசிட்டில் குறைந்தது 18 சதவீதத்தை அரசுப் பத்திரம் போன்ற பாதுகாப்பான சொத்துகளில் வைத்திருக்க வேண்டும். பல வங்கிகள் அதற்கு மேலேயே வைத்திருக்கின்றன. அந்த உபரியிலிருந்து ஒரு வங்கி 100 கோடிக்குப் பத்திரம் விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி லாரியில் நோட்டுக் கட்டு அனுப்புவதில்லை. தன்னிடம் அந்த வங்கிக்கு இருக்கும் கணக்கில் 100 கோடி என்று வரவு எழுதுகிறது, அவ்வளவுதான். அந்த 100 கோடி முன்பு எங்கும் இல்லாத புதிய பணம். அரசின் கடன் அப்படியே நிற்கிறது. கடன் கொடுத்தவர் மட்டும் வங்கியிலிருந்து ரிசர்வ் வங்கிக்கு மாறுகிறார். அரசிடமிருந்து நேரடியாக வாங்க 2006 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கிக்குத் தடை இருப்பதால், சந்தையில் ஏற்கெனவே இருக்கும் பத்திரங்களைத்தான் அது வாங்குகிறது.

இத்தனை பெரிய ஆள் வாங்க வந்தால் விலை ஏறும். ஆண்டுக்கு 6 ரூபாய் வட்டி தரும், 10 ஆண்டில் முதிரும் 100 ரூபாய்ப் பத்திரம் 103 ரூபாய் 77 காசுக்கு ஏறியது என்று கணக்குப் போடுங்கள். புதிதாக வாங்குபவருக்கும் அதே 6 ரூபாய்தான், முடிவில் அதே 100 ரூபாய்தான். கொடுத்த விலையோ அதிகம். ஆக அவருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 5.5 சதவீதம். ஈல்டு என்று சந்தையில் சொல்வது இதைத்தான். அரசு அடுத்து விற்கும் பத்திரத்துக்கும் 5.5 சதவீதம் கொடுத்தால் போதும்; 1 லட்சம் கோடி கடன் வாங்கினால் ஆண்டுக்கு 500 கோடி மிச்சம். பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கும் பெரிய கம்பெனிகளுக்கும் செலவு குறையும். மாநில அரசுகளும் பயன்பட்டன: 2021 ஜூன் 17 கொள்முதலில் 40,000 கோடியில் 10,000 கோடி மாநிலப் பத்திரங்களுக்கு ஒதுக்கப்பட்டது.

வைகை அணையைத் திறந்தால் தலைமடைக் கண்மாய் நிரம்பிய பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர் வரும். பத்திரக் கொள்முதலில் தலைமடை மத்திய அரசும் மாநில அரசும் பெரிய கம்பெனிகளும். கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரி பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்குவதில்லை. அவர் போவது வங்கிக் கிளைக்கு. அங்கே மேலாளர் பார்ப்பது ஜிஎஸ்டி கணக்கையும் அடமானத்தையும் பழைய தவணை ஒழுங்கையும். வங்கியின் கணக்கில் பணம் குவிந்திருப்பதால் இவற்றில் எதுவும் மாறிவிடாது.

அப்படித்தான் நடந்தது. வங்கிகள் கையில் மிதந்த பணத்தில் பெரும்பகுதியை ரிவர்ஸ் ரெப்போவில் ரிசர்வ் வங்கியிடமே திருப்பி வைத்தன, அதுவும் 3.35 சதவீதத்தை ஒட்டிய வட்டிக்கு. 2021 செப்டம்பரில் இப்படித் திரும்பிய தொகை நாளுக்குச் சராசரியாக 9 லட்சம் கோடி. அக்டோபரில் ஜி-சாப் நிறுத்தப்பட்டது. பணம் தேங்குகிறதா ஓடுகிறதா என்று அறிய, ரிசர்வ் வங்கி தினமும் வெளியிடும் பணச் சந்தை அறிக்கையில் வங்கிகள் அதனிடம் திருப்பி வைக்கும் தொகையைப் பாருங்கள். அது வீங்கியபடியே இருந்து, வங்கிக் கடன் வளர்ச்சி மந்தமாக இருந்தால், தள்ளிய பணம் கடைத்தெரு வரை வரவில்லை என்று அர்த்தம்.

ஆகவே கடைக்காரர் கண்ணால் பார்த்தால் என் வரிசையில் வட்டிக் குறைப்பு முதலிடம், பத்திரக் கொள்முதல் இரண்டாமிடம், ஆள் வராத அந்த ஏலம் கடைசி. அதற்காகப் பத்திரக் கொள்முதல் வீண் என்று சொல்ல மாட்டேன். அரசு முன்னெப்போதும் இல்லாத அளவு கடன் வாங்கிய நேரத்தில், ஈல்டு எகிறியிருந்தால் எல்லோருடைய கடன் வட்டியும் மேலே இழுக்கப்பட்டிருக்கும். அதை ஏறாமல் பிடித்து வைத்தது பெரிய உதவிதான். தடுக்கப்பட்ட நஷ்டம் யாருடைய பாஸ்புக்கிலும் வரவாகத் தெரியாது.

வேகமான வழிக்கு இன்னொரு முகமும் உண்டு. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏறியபோது, அதே 10 லட்சம் கடனுக்கு ஆண்டு வட்டி 25,000 ரூபாய் கூடியது. உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்ததா, எம்சிஎல்ஆரா என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதியிருப்பார்கள். எம்சிஎல்ஆர் என்றால், வட்டி இறங்கும் காலத்தில் ரெப்போவுக்கு மாற்றிக்கொள்ள என்ன கட்டணம் என்று கிளையில் கேளுங்கள்.