கொப்பியா, செயலியா, கலண்டரா, ஒரு பக்கமா? தலையிடிப் பதிவை நரம்பியல் டொக்டரிடம் கொண்டுபோகும் வழிகள்

தலையிடிக்காரர் பலர் கொப்பியில் மாதக்கணக்காக எழுதுகிறார்கள். ஆனால் கொழும்பில் நரம்பியல் டொக்டரைச் சனல் பண்ணிப் போனால், உள்ளே கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்துக்குள் டொக்டர் மூன்று விசயங்களைப் பார்த்துவிட வேண்டும். மாதத்தில் எத்தனை நாள் தலையிடி, அதில் எத்தனை நாள் கடுமை, எத்தனை நாள் வலிக்குளிசை. பதிவைக் கொண்டுபோக வழக்கத்தில் நாலு வழிகள் இருக்கின்றன. வெள்ளவத்தையில் இருக்கும் என் மச்சாளின் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பதிவை வைத்து அவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, கொப்பியை அப்படியே நீட்டுவது. எழுதியது முழுவதும் அதில் இருக்கும். "காலையில் வலதுபக்கம் துடித்தது, சத்தி வந்தது, வெளிச்சம் கூசியது" என்ற ஒரு வரி, ஒற்றைத் தலைவலியா என்று டொக்டர் தீர்மானிக்க மிகவும் உதவும். ஆனால் 92 நாள் எழுத்தைப் புரட்டி யார் எண்ணுவது? கொழும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பார்க்கும் டொக்டருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். அப்போது அத்தனை பக்கமும் அவருக்கு வெற்றுத்தாள்தான். கொப்பி பையில் இருக்கட்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம்.

இரண்டாவது, கைபேசிச் செயலி. மறக்காமல் எழுத வைப்பதில் இதை மிஞ்ச வேறொன்றில்லை. ஒரு தட்டில் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் பதிவாகும். ஆனால் அது தரும் சுருக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. மச்சாளின் செயலி ஆகஸ்டில் 8 தலையிடி என்றது. ஒரே தலையிடி இரண்டு மூன்று நாள் நீண்டால் அதை ஒன்றாகவே அது எண்ணியிருந்தது. நாளாக எண்ணினால் 18. டொக்டருக்கு வேண்டியது இந்த 18தான்.

மூன்றாவது, சுவர்க் கலண்டரில் நிறப்புள்ளி. கடுமைக்குச் சிவப்பு, லேசானதுக்கு மஞ்சள், குளிசை எடுத்தால் ஒரு கோடு. சிவப்புகள் ஓரிடத்தில் கூடியிருந்தால் கண்ணுக்கு உடனே தெரியும் என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் எந்தக் குளிசை என்பதை அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுத இடமில்லை. இடம் வெறுமையாக இருந்தால் தலையிடி இல்லையா, எழுத மறந்ததா என்பதும் தெரியாது. தலையிடி இல்லாத நாளுக்கு 0 போட்டால் இந்த இரண்டாவது குறை தீரும்.

நாலாவது, மாதம் மாதமாக எண்ணிய ஒரு பக்கம். நான் சொல்வது இதைத்தான். மச்சாளுக்கு இப்படி வந்தது:

| | ஜூன் | ஜூலை | ஆகஸ்ட் |
|---|---|---|---|
| தலையிடி இருந்த நாள் | 13 | 16 | 18 |
| கடுமையான நாள் | 6 | 6 | 7 |
| வலிக்குளிசை எடுத்த நாள் | 11 | 14 | 17 |
| அதில் கொடீன் கலந்தது | 4 | 7 | 11 |

கடுமை என்றால் என்ன என்பதை முதலே ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். மச்சாள் வைத்த அளவு, வேலையை விட்டுப் படுக்க வேண்டி வந்தால் அது கடுமை. வரிசைத் தலைப்புகளை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டால் எந்த டொக்டருக்கும் கொடுக்கலாம்.

கடைசி இரண்டு வரிசைகள்தான் இந்தப் பக்கத்தின் உயிர். தலையிடிக்கு எடுக்கும் குளிசையே, அளவு மீறினால், தலையிடியைக் கூட்டும். சர்வதேச தலையிடிச் சங்கத்தின் 2018 வகைப்பாடு இதற்குக் கோடு போட்டிருக்கிறது. முன்பே தலையிடி நோய் உள்ள ஒருவருக்கு மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலையிடி இருக்க வேண்டும். கூடவே 3 மாதத்துக்கு மேலாகக் குளிசையும் அளவு மீறியிருக்க வேண்டும். பரசிட்டமோல், இபுபுரூஃபன் போன்ற சாதாரணக் குளிசைக்கு அந்த அளவு மாதம் 15 நாள். கொடீன் என்ற அபின் வகை வலிமருந்து கலந்ததுக்கும், ஒற்றைத் தலைவலிக்கென்றே கொடுக்கும் டிரிப்டான் வகைக்கும் 10 நாள். பல வகைகளை மாற்றி மாற்றி எடுத்தால், எல்லாம் சேர்ந்து 10 நாள்.

இங்கே எண்ண வேண்டியது நாளை, குளிசையை அல்ல. இரண்டு நாளில் எட்டுக் குளிசை எடுத்தவரும், எட்டு நாளில் ஒவ்வொன்றாக எடுத்தவரும் இந்தக் கணக்கில் ஒன்றல்ல. "மாதம் ரெண்டு அட்டை பனடோல் முடியுது" என்று மட்டும் சொன்னால், இந்தக் கோட்டைத் தாண்டியதா என்பது டொக்டருக்குத் தெரியாது. மச்சாளின் கொடீன் நாளை மட்டும் பார்த்தால் ஆகஸ்டில்தான் 10ஐத் தாண்டுகிறது. எல்லா வலிக்குளிசையையும் சேர்த்தால் ஜூனிலேயே தாண்டிவிட்டது. ஆகவே மொத்தத்துக்கு ஒரு வரிசை, வகைக்கு ஒரு வரிசை என்று இரண்டும் வேண்டும். இதைப் பார்த்து நோயின் பெயரை நாமே எழுதக் கூடாது. கொடீன் நாள் கணக்கில் எடுத்தவர் சட்டென்று தானாக நிறுத்தவும் கூடாது. எப்படிக் குறைப்பது என்பதை டொக்டர் சொல்லட்டும்.

இனி, எதனால் வருகிறது என்ற பகுதி. பிழை நிறைய நடப்பது இங்கேதான், செயலியும் இதில் ஏமாற்றும். மச்சாள் உறுதியாக இருந்தாள்: "இல்லை மச்சாள், வெள்ளிக்கிழமை விரதம் இருந்து பசி கிடக்கிறதாலதான் இது வருது." எண்ணிப் பார்த்தோம். 13 வெள்ளியில் 9 நாள் தலையிடி, கேட்டால் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் மற்ற 79 நாளிலும் 38 நாள் தலையிடி இருந்திருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒரு நாள் தலை இடிக்கும் ஒருவருக்கு எதைத் தொட்டாலும் அது காரணமாகத் தெரியும். சொக்கலேட்டும் அப்படித்தான். தலையிடி வரமுன்னரே சிலருக்கு இனிப்பில் ஆசை வருவதுண்டு, அப்போது சாப்பிட்டது காரணமாக இராது, தலையிடியின் தொடக்கமாகவே இருக்கும்.

அதனால் கடுமையான 19 நாளை மட்டும் எடுத்தோம். வெள்ளியில் விழுந்தது 13க்கு 3, மற்ற நாளில் 79க்கு 16. கிட்டத்தட்ட ஒரே அளவு, விரதத்தைச் சந்தேகிக்க இடமில்லை. பிறகு மாதவிடாயைப் பார்த்தோம். தொடங்கும் நாளை முதல் நாள் என்று வைத்தால், அதற்கு முந்திய இரண்டு நாளும் அதிலிருந்து மூன்று நாளும் சேர்த்து ஒரு மாதத்துக்கு 5 நாள், மூன்று மாதத்துக்கு 15. அந்த 15 நாளில் 10 கடுமையானவை. மிச்ச 77 நாளில் 9தான். அவள் ஒருநாளும் சந்தேகிக்காதது இது. கொப்பியில் மாதவிடாய் தொடங்கிய தேதி இல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

பக்கத்தில் இதை ஒரு வரியாக எழுதினோம்: "மாதவிடாயை ஒட்டிய 15 நாளில் 10 கடும் நாள், மற்ற 77 நாளில் 9." விரதத்தையும் ஒரு வரியாக வைத்தோம், டொக்டர் கேட்பார் என்பதற்காக. அதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை. ஐந்தாறு காரணங்களை வரிசையாக எழுதினால் எது பலமானது என்பது மறைந்துவிடும்.

அடியில் இடமிருந்தால், முன்பு தலையிடி வராமல் தடுக்கக் கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை கிழமை எடுத்தது, ஏன் விட்டது என்பதை எழுதுங்கள். அதே மருந்தை அதே குறைந்த அளவில் டொக்டர் திரும்பத் தொடங்காமல் இருக்க அது உதவும். ஆனால் திடீரென்று ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறும் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், கைகால் விளங்காமை, பேச்சுக் குழறல் வந்தால் பதிவு எழுதிக்கொண்டும் சனல் நாளுக்குக் காத்துக்கொண்டும் இருக்காதீர்கள், 1990 அம்புலன்சை அழையுங்கள்.