காலாவதியான லைசென்ஸ்: ஓட்டிக்கொண்டே புதுப்பிப்பதா, புதுப்பித்துவிட்டு ஓட்டுவதா?

வேலை அனுமதியில் சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களுக்கு இங்கே தரப்படும் ஓட்டுநர் லைசென்ஸ் 5 ஆண்டுகள்தான் செல்லும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 65 வயது வரை இந்தக் கவலை இல்லை. அதன்பிறகு மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் தொடரலாம். நான் முதல் வகை. ஊருக்குப் போயிருந்த நேரத்தில் என் லைசென்ஸின் காலம் முடிந்துவிட்டது. திரும்பி வந்ததும் என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: அதை வைத்தே ஓட்டிக்கொண்டு மெல்லப் புதுப்பிப்பது, முதலில் புதுப்பித்துவிட்டு அப்புறம் வண்டியைத் தொடுவது, காரே வேண்டாமென்று அப்படியே விட்டுவிடுவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முதல் வழியில் போகிறவர்கள் பெரும்பாலும் "ஒரு மாதம் சலுகை உண்டு" என்று நம்புகிறார்கள். அது ஊரிலிருந்து கூடவே வந்த நம்பிக்கை. இந்தியச் சட்டத்தில் முன்பு 30 நாள் சலுகை இருந்தது உண்மை. 2019 திருத்தத்தில் அங்கேயே அதை எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் அப்படி ஒன்று கிடையாது. இங்கே பலர் சொல்லும் 3 ஆண்டுக் கணக்கு வேறு. காலாவதியாகி 3 ஆண்டுகளுக்குள் தேர்வு எழுதாமல் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள். அந்த 3 ஆண்டும் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

செலவைப் பார்த்தால் பேச்சே இல்லை. புதுப்பிக்கக் கட்டணம் 50 வெள்ளி, சிங்பாஸ் வழியாக இணையத்திலேயே முடிந்துவிடும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 10,000 வெள்ளி வரை, சிறை 3 ஆண்டு வரை, அல்லது இரண்டும். இது உச்சவரம்பு. சில வாரங்கள் தாமதமானவருக்கு நீதிமன்றம் அந்த எல்லை வரை போகும் என்று நான் சொல்லவில்லை.

என்னைத் தடுத்தது அபராதமல்ல, இன்ஷூரன்ஸ். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவரின் லைசென்ஸ் மார்ச் 10-ல் முடிகிறது. ஏப்ரலில் ஒருநாள் காலை பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது முன்னால் போகும் வண்டியை லேசாக இடித்துவிடுகிறார். காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது, அன்று அவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததா என்பதைத்தான். இல்லையென்று ஆகி, காப்பீடும் செல்லாது என்று முடிவானால், காப்பீடின்றி ஓட்டிய குற்றமும் சேர்ந்துகொள்ளும். அதற்கு 1,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, இல்லையேல் இரண்டும். அதோடு, சிறப்புக் காரணம் இருப்பதாக நீதிமன்றம் ஏற்காவிட்டால், 12 மாதம் ஓட்டத் தடை. தடை ஓராண்டோ அதற்கு மேலோ போனால் பழைய லைசென்ஸ் ரத்தாகிவிடும். அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு, இறுதிக் கோட்பாட்டுத் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தேற வேண்டும்.

ஆக, மறுதேர்வே தேவைப்படாத ஒருவர், புதுப்பிக்கும்வரை பொறுக்காமல் ஓட்டியதால் மறுதேர்வுக்குப் போய் நிற்கிறார். உபி, புக்கிட் பாத்தோக், உட்லண்ட்ஸ் பயிற்சி நிலையங்களில் வகுப்புக்கும் தேர்வுக்கும் இடம் கிடைக்கக் காத்திருப்பது எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா பாலிசியும் ஒரே மாதிரி இல்லை. காப்பீட்டுச் சான்றிதழில் யார் ஓட்டலாம் என்று ஒரு பத்தி இருக்கும். சிலவற்றில் "லைசென்ஸ் உள்ளவர், அல்லது முன்பு வைத்திருந்து நீதிமன்றத்தால் தடை செய்யப்படாதவர்" என்ற பொருளில் வரும். அப்படி இருந்தால் காலாவதியானவருக்கும் காப்பு நீளலாம். உங்கள் சான்றிதழில் அந்த வரியை ஒருமுறை படியுங்கள். ஆனால் அந்த ஒரு வரியை நம்பிச் சாலையில் இறங்க மாட்டேன். லைசென்ஸ் இல்லாத குற்றம் எப்படியும் அப்படியேதான் இருக்கும். காரை இரவல் கொடுக்கிறவர்களும் கவனிக்க வேண்டும்: லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விட்ட உரிமையாளருக்கும் அதே தண்டனைதான்.

"ஊர் லைசென்ஸ் இருக்கே" என்பவர்களுக்கு: இங்கே தங்கி 12 மாதம் தாண்டிவிட்டால் அதை வைத்து ஓட்ட முடியாது.

மூன்றாவது வழி எம்ஆர்டியே போதும் என்பவர்களுக்கு நல்லதுதான், செலவில்லை. ஆனாலும் காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் 50 வெள்ளி கட்டிப் புதுப்பித்துவிடுவது உத்தமம். அதைத் தாண்டினால் வண்டியைத் தொடாதவரும் மூன்று தேர்வுகளையும் எழுதித்தான் ஆக வேண்டும். புதுப்பித்தபின் பணம் கட்டிய ரசீதோடு நிற்காமல், சிங்பாஸ் செயலியில் தெரியும் லைசென்ஸில் புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.