படத்தில் இருப்பது செங்கோணமா: பாகைமானி, அளவுகோல், எழுதியுள்ள எண்கள்

புத்தகத்தில் இருக்கும் ஒரு முக்கோணத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். பக்கங்களின் மேல் 20, 21, 29 என்று எழுதியிருக்கிறது. மூலையில் செங்கோணக் குறி இல்லை. இது செங்கோண முக்கோணமா என்று சொல்ல மூன்று வழிகள் உண்டு. திரையில் பாகைமானியை வைத்துக் கோணத்தை அளக்கலாம், அளவுகோலால் பக்கங்களை அளக்கலாம், அல்லது எழுதியிருக்கும் எண்களை மட்டும் நம்பிக் கணக்குப் போடலாம்.

பாகைமானிதான் முதலில் கைக்கு வரும். ஆனால் புகைப்படம் கோணங்களை அப்படியே வைத்திருப்பதில்லை. தாளுக்கு நேர் மேலே இல்லாமல் கேமராவை 30° சாய்த்து எடுத்தால், சாய்ந்த திசையில் நீளங்கள் ஏறத்தாழ 0.87 மடங்காகச் சுருங்கும், குறுக்குத் திசையில் அப்படியே இருக்கும். செங்கோணத்தின் இரு பக்கங்களும் தாளில் 45° சரிவாக வரையப்பட்டிருந்தால், அந்த 90° படத்தில் சுமார் 98° ஆகத் தெரியும். பக்கங்கள் தாளின் ஓரங்களுக்கு இணையாக இருந்து, சாய்வும் அதே திசையில் இருந்தால் கோணம் பெரிதாக மாறாது. அதனால்தான் இந்தப் பிழை சில படங்களில் கண்ணில் படுகிறது, சிலவற்றில் படுவதே இல்லை.

அளவுகோல் இதைவிட ஒரு படி மேல். படம் சிறிதாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். மூன்று பக்கங்களும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் பிதாகரஸ் தொடர்பு குலையாது. சிக்கல் இங்கேயும் சாய்வுதான். மேலே சொன்ன படத்தில் நம் முக்கோணத்தின் பக்கங்கள் ஏறத்தாழ 18.7, 19.6, 29 என்ற விகிதத்தில் வரும். முதல் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் 734தான், 29-இன் வர்க்கமோ 841. இதை நம்பினால் விரிகோண முக்கோணம் என்று சொல்லிவிடுவோம். தாளின் நான்கு ஓரங்களும் படத்தில் தெரிந்து, எதிர் ஓரங்கள் இணையாகவும் நீள அகல விகிதம் சரியாகவும் இருந்தால் மட்டும் அளவுகோலை எடுக்கலாம்.

நான் எப்போதும் எண்களின் பக்கம்தான். பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலை சொல்வது இதுதான்: மிக நீளமான பக்கத்தின் வர்க்கம் மற்ற இரண்டின் வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமமானால், அந்த நீளமான பக்கத்துக்கு எதிரே உள்ள கோணம் செங்கோணம். 400 + 441 = 841, அதுவே 29². பெரிய வர்க்கங்களைத் தவிர்க்க ஒரு குறுக்கு வழியும் உண்டு. கர்ணமாக இருக்கக்கூடிய பக்கத்திலிருந்து நடுப்பக்கத்தைக் கழியுங்கள், பிறகு இரண்டையும் கூட்டுங்கள், வந்த இரு விடைகளையும் பெருக்குங்கள்: (29 − 21) × (29 + 21) = 8 × 50 = 400. சிறிய பக்கத்தின் வர்க்கம் கிடைத்துவிட்டது. மனக்கணக்குக்கு இதுவே எளிது.

8, 9, 12 என்ற முக்கோணத்தில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 3 × 21 = 63, ஆனால் 8² = 64. ஒன்றே ஒன்று குறைகிறது. கோணம் சுமார் 89.6°. நேராக எடுத்த படத்தில்கூட பாகைமானி இதை 90° என்றுதான் காட்டும். எண்கள் மட்டும் இது குறுங்கோண முக்கோணம் என்று சொல்லிவிடும்.

சரி, எண்களே தவறாகப் படிக்கப்பட்டால்? மங்கலான படத்தில் 1 பல நேரம் 7 போலத் தெரியும். நம் படத்தில் செங்கோணக் குறியும் இருந்து, பக்கங்களை 20, 27, 29 என்று படித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குறிக்கு எதிரே உள்ளதுதான் கர்ணம், படம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் இது மாறாது. அது 29 என்றால் 841 − 400 = 441, அதாவது 21². ஆக, படித்த 7 உண்மையில் 1 ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குறி இல்லாத படத்தில் இந்தச் சோதனை கிடைக்காது, பெரிதாக்கிப் பார்த்து எண்ணை உறுதி செய்வதைத் தவிர வழியில்லை.

அப்புறம், தசமத்தில் முடிந்த நீளங்கள். 5, 7, 8.6 என்று இருந்தால் 25 + 49 = 74, ஆனால் 8.6² = 73.96. சரியாகச் சமமாகாததால் உடனே இல்லை என்று தள்ளிவிடக் கூடாது. 8.6 என்பது முழுமையாக்கிய அளவு என்றால், உண்மை நீளம் 8.55-க்கும் 8.65-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அவற்றின் வர்க்கங்கள் சுமார் 73.1, 74.8. 74 இவற்றுக்கு நடுவில் விழுவதால் செங்கோணமாக இருக்க முடியும் என்று சொல்லலாம். 8.6 துல்லியமான அளவு என்று கேள்வியிலேயே கொடுத்திருந்தால், அது செங்கோண முக்கோணம் இல்லை.