வாஷ்பேசின் நாறினால் ‘வாட்டம் பத்தல’ என்ற பேச்சை நம்பி ஏமாறாதீர்கள்

கீழக்கரையில் ஒரு வீடு. முற்றத்து வாஷ்பேசினில் சாக்கடை நாற்றம் என்று ஒரே பிளம்பரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் முறை ஆசிட் ஊற்றிவிட்டு 600 ரூபாய் வாங்கினார். இரண்டாம் முறை பேசினுக்கு அடியில் வளைந்திருக்கும் பி-ட்ராப்பைக் கழற்றிப் புதிதாக ஒன்று மாட்டினார், 1,400. மூன்றாம் முறை, “பைப்புக்கு வாட்டம் பத்தலண்ணே, அதான் கழிவு தேங்கி நாறுது” என்று சொல்லி, சந்துப் பக்கக் கழிவுநீர்ச் சேம்பரில் பழைய ஓட்டையை அடைத்துவிட்டுக் கீழே புது ஓட்டை போட்டு பைப்பை இறக்கினார். அதற்கு 4,200. முன்பு வாரத்தில் இரண்டு நாள் வந்த நாற்றம், அதன் பிறகு ஒவ்வொரு தடவை கை கழுவியதும் வந்தது. கேட்டதற்கு, “செப்டிக் டேங்க் நிறைஞ்சிருக்கும், லாரி வரச் சொல்லுங்க” என்று கையை விரித்துவிட்டார்.

இதில் டேங்க் மேல் தப்பே இல்லை. மூன்றாவது வேலைதான் ட்ராப்பின் தண்ணீரை அடியோடு உறிஞ்ச வைத்தது.

பி-ட்ராப்பில் நாற்றத்தைத் தடுப்பது பிளாஸ்டிக் அல்ல, அந்த வளைவில் நிற்கும் தண்ணீர். வளைவின் அடியில் பைப்பின் உட்கூரை ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே, தண்ணீர் வழிந்து வெளியே போகும் விளிம்பு இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள உயரம்தான் நீர்ப்பூட்டு. வாஷ்பேசின் ட்ராப்புகளில் இது 50 முதல் 75 மில்லிமீட்டர். தண்ணீர் அந்த உட்கூரையை மூடியிருக்கும்வரை சேம்பர் காற்று இந்தப் பக்கம் வராது. கூரைக்குக் கீழே இறங்கிவிட்டால் வளைவில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தாலும் பூட்டு திறந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

தண்ணீர் அங்கே நிற்பதற்குக் காரணம், இரண்டு பக்கமும் காற்றின் அழுத்தம் சமமாக இருப்பது. அந்தச் சமநிலை எவ்வளவு மெல்லியது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கும்போது ஒரு சாண் உயரத்துக்குச் சர்வசாதாரணமாக உறிஞ்சுகிறோம். நீர்ப்பூட்டு அதில் பாதி உயரம்கூட இல்லை.

உறிஞ்சுவது யார்? பேசினிலிருந்து இப்போதுதான் இறங்கிப் போன அதே தண்ணீர். பேசினை நிரப்பித் திறந்துவிட்டால், 32 மில்லிமீட்டர் பைப்பில் தண்ணீர் முழு வாயையும் அடைத்துக்கொண்டு ஓடும். வாட்டம் அதிகமாக இருந்தால் அந்தத் தண்ணீர்க்கட்டி வேகமெடுத்து, ஊசிக்குழாயின் தண்டைப் பின்னுக்கு இழுத்ததுபோலத் தனக்குப் பின்னால் வெற்றிடத்தை உண்டாக்கும். பேசின் பக்கத்துக் காற்று ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரையும் சேர்த்துத் தள்ளிவிடும். கடைசியில் ‘களக் களக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது அடைப்பின் சத்தம் அல்ல. உட்கூரைக்கு அடியில் காற்று புகுந்து ஓடுகிற சத்தம்.

சமையலறை சிங்க்கில் இது அவ்வளவாக நடக்காது. அதன் அடி தட்டை, கடைசித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வழிந்து வந்து ட்ராப்பைத் திரும்ப நிரப்பிவிடும். வாஷ்பேசின் கிண்ணம்போல இருப்பதால் தண்ணீர் சட்டென்று நின்றுபோகும், நிரப்ப மிச்சம் இருக்காது.

இப்போது அந்த வீட்டுக் கணக்குக்கு வருவோம். ட்ராப்பிலிருந்து சேம்பர்வரை பைப் 3.2 மீட்டர், அளவு 32 மில்லிமீட்டர். முதலில் இருந்த இறக்கம் 7 சென்டிமீட்டர், மீட்டருக்கு ஏறக்குறைய 2. வாட்டம் என்று பார்த்தால் இது சரியான வாட்டம்தான். ஆனால் இவ்வளவு ஒல்லியான பைப்புக்கு நீளம் இரண்டு மடங்கு. 32-ஐ 1.7 மீட்டருக்கு மேல் காற்று வழி இல்லாமல் இழுக்கக் கூடாது. அதனால்தான் பூட்டு சில நாள் பாதி குறைந்து, மிச்சமும் காய்ந்து, அவ்வப்போது நாறியது. பிளம்பர் இறக்கத்தை 35 சென்டிமீட்டர் ஆக்கினார். மீட்டருக்கு 11. நோய் எதுவோ அதையே மருந்தாகக் கொடுத்த கதை.

இதைக் கண்டுபிடிக்க மக் ஒன்றும், மருந்து பாட்டிலின் அளவு மூடி ஒன்றும் போதும். முதலில் ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக, நூல்போல ஊற்றுங்கள். பிறகு அடியில் மக்கை வைத்து, ட்ராப்பின் இரண்டு நட்டையும் கையால் திருகிக் கழற்றி, வளைவில் இருந்த தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். திரும்ப மாட்டி, பேசினை முக்கால்வாசி நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். சத்தம் அடங்கியதும், குழாயைத் தொடாமல், மறுபடி கழற்றி அளங்கள். அங்கே முதல் அளவு 180 மில்லி, இரண்டாவது 45. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உறிஞ்சல் இல்லை, நாற்றத்தை வேறிடத்தில் தேடுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ட்ராப்பை மாற்றச் சொல்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். தண்ணீர் நிற்காததற்கு ட்ராப் காரணமில்லை, அதற்குப் பின்னால் உள்ள பைப் காரணம்.

பிறகு வேறு ஒருவர் செய்து கொடுத்த வேலை இது. ட்ராப்பை ஒட்டியே 32-ஐ 50-ஆக மாற்றினார். பெரிய பைப்பில் தண்ணீர் அடியில் மட்டும் ஓடும், மேலே காற்று திரும்பிவர வழி இருக்கும். வாட்டத்தை மீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்குத் திருப்பினார். ட்ராப்பிலிருந்து 1.2 மீட்டரில், பைப் சுவரைத் தாண்டி வெளியே வரும் இடத்தில், ‘T’ வடிவ இணைப்பான டீ ஒன்றைப் போட்டு அதிலிருந்து காற்று வந்துபோகும் வென்ட் பைப்பை மொட்டைமாடிக்கு மேலே ஏற்றினார்.

டீயை எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ட்ராப்பின் வழியும் விளிம்பிலிருந்து டீ இருக்கும் இடம்வரை உள்ள இறக்கம், பைப்பின் உள்விட்டத்தைத் தாண்டக் கூடாது. இங்கே இறக்கம் 24 மில்லிமீட்டர், பைப் 50, ஆகவே காற்று தண்ணீருக்கு மேலாகவே ட்ராப்பை எட்டும். டீயைச் சேம்பர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் இறக்கம் 64 ஆகிவிடும், வென்ட் இருந்தும் பயன் குறையும். கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவலை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். நம் பக்கம் உப்புக் காற்றில் இரும்புக் கிளாம்பு சீக்கிரம் துருப்பிடித்து உதிரும், அதனால் வென்ட் பைப்பைப் பிளாஸ்டிக் கிளாம்பில் பிடிப்பது நல்லது. வேலை முடிந்து அளந்தபோது இரண்டாவது அளவு 170 மில்லி.

மேலே சொன்னது பேசின் தன் தண்ணீரைத் தானே உறிஞ்சும் வகைக்கு. பேசினைத் தொடாமலே, மாடியில் ஃப்ளஷ் பண்ணும்போது கீழே ‘களக்’ என்றால் அது வேறு வகை: நாலு இஞ்ச் பைப்பில் விழும் தண்ணீர் கீழ்த்தளத்து ட்ராப்பை இழுக்கிறது. மொட்டைமாடிக்குப் போய், நாற்றம் வருகிறது என்று யாராவது வென்ட் பைப் வாயில் மூடி ஒட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடந்த வீட்டில் நாறினால் பிளம்பரே வேண்டாம். ட்ராப் காய்ந்திருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றினால் போதும். அடுத்த முறை கிளம்பும்போது குளியலறைத் தரை ட்ராப்பில் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுப் போங்கள். எண்ணெய்ப் படலத்தின் கீழே தண்ணீர் ஆவியாவது மெதுவாகும்.