பிரியாணிக் கடைக்கு 90 நாள் பிளான்: இரண்டு தாள்கள், ஒரே பட்ஜெட்

ஆவணி பிறந்ததும் 40 சீட் பிரியாணிக் கடை திறப்பதாக வைத்துக்கொள்வோம். பட்ஜெட் ஒன்றரை லட்சம். இதற்கு இரண்டு விதமாக பிளான் எழுதலாம்.

முதல் பிளான் ஒரு லட்சத்து பத்தாயிரத்தைத் திறப்பு வாரத்துக்குள்ளேயே முடித்துவிடும். இன்ஸ்டாவில் ரீல் போடுபவர்கள், ஃபிளெக்ஸ், முதல் நாள் பாதி விலை. இரண்டாவது பிளானில் ஆடி மாதம் முழுக்கச் செலவு முப்பதாயிரம்தான், மீதி திறந்த பிறகு.

பாதி விலைக்குக் கூட்டம் வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு அண்டா தீர்ந்து அடுத்த அண்டா தம் போட்டு இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகுமே, அதுவரை வாசலில் நிற்பவர் என்ன செய்வார்? கூகுள் மேப்ஸில் ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டுப் போவார். ஆஃபர் ஒரு நாளில் முடிந்துவிடும், அந்த ஸ்டார் அங்கேயேதான் இருக்கும். அதனால் இரண்டாவது பிளான் முதல் பத்து நாள் விளம்பரமே இல்லாமல் திறக்கச் சொல்கிறது. பூஜை, சொந்தக்காரர், பக்கத்துக் கடைக்காரர், அவ்வளவுதான். ஒரு பிளேட் மேசைக்கு வர எத்தனை நிமிஷம், எது முதலில் தீர்கிறது என்று அந்தப் பத்து நாளில் தெரிந்துவிடும்.

முதல் பிளானில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: ஆடியிலேயே கூகுளில் திறப்புத் தேதியோடு கடையைப் பதிவு செய்வது. திறப்புக்கு 90 நாள் முன்பிருந்தே கடை அங்கே தெரியும், காசும் கிடையாது. இதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பேப்பரோடு வைக்கும் நோட்டீஸ் இரண்டிலும் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், இரண்டாவதில் ஒரு ஏரியாவுக்கு ரோஸ், இன்னொன்றுக்கு மஞ்சள், கொண்டு வந்தால் ஒரு முட்டை இலவசம். கல்லாவில் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஆறாயிரம் செலவழித்த 5,000 ரோஸ் நோட்டீஸில் 50 திரும்பி வந்தால், ஒரு ஆளை வரவழைக்க 120 ரூபாய் ஆகியிருக்கிறது. மஞ்சளில் 100 வந்தால் 60 ரூபாய். அடுத்த தடவை எந்தத் தெருவுக்குப் போடுவது என்பதை அந்தக் கட்டே சொல்லிவிடும். முதல் பிளானில் 'விழிப்புணர்வு' என்று ஒரு வரி இருக்கிறது, அதை எப்படி எண்ணுவது என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் முதல் பிளான் கோட்டை விட்டது வேறு இடத்தில். ஆடியில் தொடங்கி 90 நாள் எண்ணினால் கடைசி 30 நாள் எங்கே விழுகிறது? புரட்டாசியில்! பாதி ஊர் கவிச்சியை நிறுத்தியிருக்கும் மாதம். மீதமிருக்கும் நாற்பதாயிரத்தை அந்த மாதத்தில் சிக்கன் பிரியாணி விளம்பரத்துக்குப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது பிளான் அந்த மாதம் காளான் பிரியாணியை மெனுவில் ஏற்றிவிட்டு விளம்பரத்தை நிறுத்தி வைக்கிறது. ஆவணியில் வந்தவர்கள் கொடுத்த நம்பர்களுக்கு ஒரு வாட்ஸ்அப், அதுவும் புரட்டாசி கடைசி வாரம்தான்: ஐப்பசி முதல் ஞாயிறுக்கு முன்பதிவு. அன்றைக்கு எத்தனை அண்டா ஏற்றுவது என்பதும் அந்தப் பதிவை வைத்துத்தான்.